தாமதம் என்று தகவல் வந்தால் என்ன பதில் எழுதுவது?

சரக்கு தாமதமாகும் என்று சப்ளையர் அனுப்பும் தகவலில் பெரும்பாலும் காரணம் இருக்கும், வருத்தம் இருக்கும், தேதி மட்டும் இருக்காது. அந்தத் தேதியை எழுத்தில் வாங்குவதுதான் பதிலின் வேலை.

திருப்பூரில் ஒரு பின்னலாடை யூனிட், சாய ஆலைக்கு 1,200 கிலோ துணியைச் சாயமேற்றக் கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கருநீலம் 800 கிலோ, வெள்ளை 400 கிலோ. ஜூன் 10-இல் வர வேண்டும். 8-ஆம் தேதி காலை வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது: “மெஷின் ரிப்பேர், கொஞ்சம் லேட் ஆகும், அடுத்த வாரம் அனுப்பிடறோம்.”

பதில் எழுதும் முன் யூனிட் தன் கணக்கைப் பார்க்க வேண்டும். பெட்டிகள் ஜூன் 30 இரவு தூத்துக்குடிக்கு லாரி ஏற வேண்டும். கட்டிங் முதல் பேக்கிங் வரை 16 நாள், துணி வந்ததும் ஷேடும் எடையும் பார்க்க ஒரு நாள். ஆக, 13-ஆம் தேதி மாலைக்குள் துணி கைக்கு வந்தாக வேண்டும். இந்தக் கடைசி நாள் தெரியாமல் “சீக்கிரம் அனுப்புங்கள்” என்று எழுதினால், “சீக்கிரம் அனுப்புகிறோம்” என்றுதான் பதில் வரும்.

அன்றே மின்னஞ்சலில் அனுப்பும் பதில் இப்படி இருக்கலாம்:

“இன்று காலை நீங்கள் அனுப்பிய தகவல் கிடைத்தது. பி.ஓ. எண் 214-இன்படி 1,200 கிலோ துணி ஜூன் 10-இல் வர வேண்டும். கருநீலம் 800 கிலோ, வெள்ளை 400 கிலோ இரண்டும் இப்போது எந்த நிலையில் உள்ளன, ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் எங்கள் யூனிட்டுக்கு வந்து சேரும் என்பதை உரிமையாளர் அல்லது மேலாளர் பெயரில் நாளை மாலை 5 மணிக்குள் எழுத்தில் உறுதிப்படுத்தவும். 13-ஆம் தேதி மாலைக்குள் துணி வராவிட்டால் எங்கள் ஷிப்மெண்ட் தவறும். புதிய தேதி கேட்பதால் பழைய தேதியை நாங்கள் விட்டுக்கொடுத்ததாக ஆகாது. தாமதத்தால் வரும் இழப்பைக் கோரும் உரிமையை வைத்துக்கொள்கிறோம்.”

துணி எந்த நிலையில் இருக்கிறது என்ற கேள்விதான் இதில் கெட்டிக்காரக் கேள்வி. சாயம் முடிந்த பிறகும் துணியைப் பிழிந்து, உலர்த்தி, காம்பாக்டிங் செய்தாக வேண்டும். கருநீலம் இன்னும் சாயத்துக்கே போகவில்லை என்று சொல்லிவிட்டு மறுநாளே டெலிவரி என்று தேதி கொடுத்தால், அது வாயை அடைக்கக் கொடுத்த தேதி. “13-ஆம் தேதி வாக்கில்”, “மெஷின் சரியானதும்” என்பவையும் தேதி ஆகா. “13-இல் அனுப்புகிறோம்” என்று வந்தாலும், ஆலையை விட்டுக் கிளம்பும் நாளா யூனிட்டுக்கு வந்து சேரும் நாளா என்று மறுபடி கேட்டுவிட வேண்டும். போனில் பேசி முடிவானால், பேசியதைச் சுருக்கி உடனே மின்னஞ்சலில் எழுதி “சரி” என்று பதில் வாங்கிவிடுவது நல்லது.

கடிதத்தின் கடைசி இரண்டு வரிகள் சம்பிரதாயத்துக்கு எழுதியவை அல்ல. குறித்த நாளில் முடிப்பதே ஒப்பந்தத்தின் உயிர்நாடி என்றால், நாள் தவறும்போது ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமையை 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 55-ஆவது பிரிவில் வாங்குபவருக்குத் தருகிறது. ஆனால் ரத்து செய்யாமல் தாமதமாக வந்த சரக்கை ஏற்றுக்கொண்டால், ஏற்கும் நேரத்திலேயே ‘இழப்பைக் கோருவோம்’ என்று தெரிவித்திருக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் பிறகு நஷ்டஈடு கேட்க முடியாது. எனவே “பரவாயில்லை, அடுத்த வாரம் அனுப்புங்கள்” என்ற நல்ல மனசுப் பதில் விலை உயர்ந்ததாகிவிடலாம். கடிதத்தில் எழுதியது போதும் என்றும் இருந்துவிடக் கூடாது. துணி வந்து இறங்கும்போது டெலிவரி சலானிலும் “தாமதமாகப் பெறப்பட்டது, இழப்பைக் கோரும் உரிமைக்கு உட்பட்டு” என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். தேதி அத்தனை முக்கியமில்லாத ஒப்பந்தத்தில் தாமதத்துக்காக ரத்து செய்ய முடியாது, இழப்பீடு மட்டுமே கேட்கலாம். அதனால் டெலிவரி தேதி கட்டாயமானது என்று பி.ஓ.விலேயே எழுதிவைப்பது பின்னால் வரும் வாக்குவாதத்தைக் குறைக்கும்.

“நாளை மாலை 5 மணி” என்ற கெடுவுக்கும் காரணம் இருக்கிறது. எழுத்தில் வாங்கிய உறுதி ரிப்பேரான மெஷினை ஓட வைக்காது. 9-ஆம் தேதி மாலைக்குள் நம்பத்தக்க தேதி வராவிட்டால், சாயமேறாத துணியைத் திரும்ப எடுத்து வேறு ஆலைக்கு அனுப்ப நான்கு நாள் மிச்சமிருக்கும். அங்கே இடம் கிடைக்குமா என்பதை அந்த 5 மணிக்கு முன்பே விசாரித்து வைத்திருக்க வேண்டும். மாற்றும்போது ஒரு நிறத்தை முழுதாக மாற்ற வேண்டும். கருநீலத்தில் பாதி இங்கேயும் பாதி அங்கேயும் சாயமேறினால், ஷேடு ஒத்துப்போகாமல் ஒரே ஆடையின் உடலும் கையும் இரண்டு நீலமாகிவிடும்.