மரியாதைச் சொல்லும் எமோஜியும்

தமிழில் ஒருவரை மதித்துப் பேசுவதற்குத் தனிச்சொல் எதையும் தேட வேண்டியதில்லை. பல இடங்களில் வினையின் ஈறே அதனைச் செய்துவிடுகிறது. ‘வா’ என்பது தோழனுக்கு உரியது. ‘வாருங்கள்’ என்பது ஆசிரியருக்கு உரியது. ‘நீ சொன்னாய்’, ‘நீங்கள் சொன்னீர்கள்’ ஆகிய இரண்டும் ஒரே செய்தியைத் தருவனவே ஆயினும், கேட்பவர் யார் என்பதை விகுதி காட்டிவிடுகிறது. கைபேசிச் செய்திகளில் இன்று சொற்களோடு கலந்து வரும் எமோஜிகளோ விகுதி ஏற்பதில்லை. ஒரே கட்டைவிரல் உருவம் தம்பிக்கும் செல்கிறது, தலைமையாசிரியருக்கும் செல்கிறது. மரியாதையை ஈற்றில் சுமக்கும் மொழியும் ஈறே இல்லாத குறியும் ஒரு வரியில் சந்திக்கும்போது என்ன நிகழ்கிறது?

பன்மையில் பிறந்த மரியாதை

ஒருவரைப் பன்மையால் குறிப்பது தமிழில் மிகப் பழைய வழக்கம். தொல்காப்பியர் இதனை ‘உயர்சொற் கிளவி’ என்கிறார். உயர்வு கருதி வழக்கில் வருவதேயன்றி, இலக்கண முறைப்படி அமைந்ததன்று என்பது அவர் தரும் விளக்கம். ‘அவர்’ என்பது முதலில் பலர்பாலுக்கு உரிய சொல். மதிப்பிற்குரிய ஒருவரைக் குறிக்கவும் அது பயன்பட்டபோது, பலரைக் குறிக்க மேலும் ஒரு பன்மை விகுதி தேவைப்பட்டது. ‘அவர்கள்’ வழக்கில் நிலைத்தது. பின்னர் அச்சொல்லும் ஒருவருக்கே உரியதாகித் ‘தலைமையாசிரியர் அவர்கள்’ என மேடையிலும் மடலிலும் ஒலிக்கிறது. மரியாதைச் சொல் புழங்கப் புழங்கத் தேய்கிறது. தேய்ந்த இடத்தை நிரப்ப இன்னொன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. கூப்பிய கை ஒன்று போதாது எனக் கருதி 🙏🙏🙏 என மூன்றாக இடுவோரிடமும் இதே மனப்போக்கைக் காணலாம்.

தன்மை வினையில் ஒரு வெற்றிடம்

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். முன்னிலை வினையும் ஏவலும் கேட்பவருக்குரிய மரியாதையைத் தம் ஈற்றிலேயே கொண்டுள்ளன. தன்மை வினைக்கு அவ்வசதி இல்லை. ‘வருகிறேன்’ என்னும் சொல்லில் பேசுபவர் இருக்கிறார், கேட்பவர் இல்லை. அதனைத் தங்கையிடமும் கூறலாம், தாத்தாவிடமும் கூறலாம். ‘சரி’, ‘இல்லை’, ‘நன்றி’ போன்ற சொற்களின் நிலையும் இதுவே. நேர்ப்பேச்சில் குரலின் பணிவும் உடல் அசைவும் இக்குறையை நிரப்புகின்றன. பேச்சுத்தமிழ் இதற்கென ஓர் ஒட்டையும் வைத்திருக்கிறது: ‘சரிங்க’, ‘இல்லைங்க’, ‘வர்றேனுங்க’. கொங்குப் பகுதியில் இந்த ‘ங்க’ இன்றி ஒரு தொடர் முடிவது அரிது. எழுத்துத்தமிழில் அப்பணியைச் செய்வது விளிச்சொல். ‘வருகிறேன் ஐயா’, ‘சரி அம்மா’, ‘நன்றி பெரியப்பா’ என்னும்போதுதான் சொல் யாரை நோக்கியது என்பது விளங்குகிறது. பெரியோரைப் பெயர் சொல்லி அழைக்காத நம் சமூகத்தில், உறவுப்பெயரும் ‘ஐயா’, ‘அம்மா’, ‘சார்’, ‘டீச்சர்’ போன்ற சொற்களுமே விளியாகின்றன.

மாணவர் ஆசிரியருக்கு அனுப்பும் மறுமொழிகளில் பெரும்பாலானவை தன்மை வினைகளாகவோ ‘சரி’, ‘நன்றி’ போன்ற சொற்களாகவோ அமைவன. எனவே மரியாதையின் முழுச்சுமையும் ஒரே ஒரு விளிச்சொல்லின் மேல் விழுகிறது. விரைவில் முதலில் உதிர்வதும் அச்சொல்லே. அவ்விடத்தில்தான் எமோஜி வந்து அமர்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். தமிழாசிரியர் மாலையில் இவ்வாறு செய்தி அனுப்புகிறார்: “நாளை காலை 9 மணிக்குப் பேச்சுப்போட்டிக்கான பயிற்சி உண்டு. கட்டுரையைப் படித்துவிட்டு வா.” மாணவர் 👍 என்று மட்டும் மறுமொழி இடுகிறார். ‘தாங்கள் கூறியபடியே வருகிறேன்’ என்பது அவருடைய கருத்து. ஆனால் கட்டைவிரலை உயர்த்துவது ஒப்புதல் அளிக்கும் சைகை. ஒப்புதல் என்பது மூத்தவர் இளையவருக்கு அளிப்பதாகவே நம்மிடையே வழங்கி வருகிறது. ஆதலின் ஆசிரியர் அதனை, ‘நீங்கள் சொன்னது சரிதான்’ என்று தமக்கே சான்றிதழ் தருவதாகப் படிக்க நேரலாம். மாணவர் “சரி ஐயா, படித்துவிட்டு வருகிறேன் 👍” என எழுதியிருப்பின் இம்மயக்கம் எழாது. உறவைச் சொல் நிலைநாட்டிவிட்டது. எமோஜி மகிழ்ச்சியை மட்டும் சேர்க்கிறது. திசை மாறினால் நிலையும் மாறுகிறது. மாணவர் விடுப்பு வேண்டி, “வணக்கம் ஐயா. காய்ச்சலாக இருப்பதால் நாளை வர இயலவில்லை. விடுப்பு அளிக்க வேண்டுகிறேன்” என எழுத, ஆசிரியர் 👍 மட்டும் இட்டால் குறையொன்றும் இல்லை. அங்கு அது அனுமதியே.

கூப்பிய கை

எமோஜி தமிழ்ச் சூழலில் பிறந்ததன்று. 1999ஆம் ஆண்டு ஜப்பானில் என்.டி.டி. டொகோமோ நிறுவனத்தின் கைபேசிச் சேவைக்காக ஷிகேதகா குரிதா என்பவர் உருவாக்கிய 176 சிறு உருக்கள் இதன் வரலாற்றில் குறிப்பிடத்தக்கவை. ஒவ்வொன்றும் 12க்கு 12 புள்ளிகளுக்குள் அடங்கியது. 2010இல் யூனிகோடு 6.0 பதிப்பு நூற்றுக்கணக்கான எமோஜிகளுக்குக் குறியெண் வழங்கிய பின்னர் அவை உலகெங்கும் பரவின. 🙏 அவற்றுள் ஒன்று. ஜப்பானியர் வேண்டுகோளுக்கும் நன்றிக்கும் மன்னிப்புக்கும் இதனைப் பயன்படுத்துகின்றனர். தமிழர் இதனை எவ்விதத் தயக்கமும் இன்றி ‘வணக்கம்’ எனப் படிக்கின்றனர். இரங்கற் செய்தியிலும் இடுகின்றனர். விகுதி இல்லாவிடினும் பணிவைத் தானே காட்டும் சைகை என்பதால், மரியாதைத் தொடரின் ஈற்றில் இஃது இயல்பாக ஒட்டிக்கொள்கிறது. எனினும் இதுவும் விளிக்கு ஈடாகாது. 🙏 எனத் தனியே வந்தால், அது வணக்கமா, நன்றியா, ‘போதும், விட்டுவிடுங்கள்’ என்பதா என்பதை முன்வந்த செய்தியை வைத்தே உய்த்துணர வேண்டும்.

முகவுருக்களில் மயக்கம் இன்னும் மிகுதி. 😂 என்பது கண்ணீர் வரச் சிரிக்கும் முகம். சிறிய திரையில் கண்ணீர்த் துளிகளை மட்டும் காணும் முதியவர் அதனை அழுகை எனக் கொண்டு துயரச் செய்திக்கு இட்டுவிடுவதுண்டு. அழும் முகமாகிய 😭 உருவையோ இளையோர் அடக்கமுடியாச் சிரிப்புக்கும் பயன்படுத்துகின்றனர். பாட்டி ஒருவர் இரங்கற் செய்தியின் கீழ் 😂 இட்டிருந்தால், அதனுடன் உள்ள “ஆழ்ந்த இரங்கல்” என்னும் சொற்களே அவருடைய கருத்தைக் காக்கின்றன.

சொல்லைவிட எமோஜியே தக்கதாகும் இடமும் ஒன்று உண்டு. நாற்பது பேர் உள்ள வகுப்புக் குழுவில் தேர்வு அட்டவணையை ஆசிரியர் பதிவிடுகிறார். நாற்பது பேரும் “நன்றி ஐயா” என எழுதினால், அட்டவணை மேலே நெடுந்தொலைவு சென்று மறைந்துவிடும்; பின்னர் வருவோர் “ஐயா, அட்டவணை எங்கே?” என்று கேட்பர். அச்செய்தியின் மீதே 🙏 இட்டுச் செல்வது அங்கு ஆசிரியரின் நேரத்தையும் காக்கிறது. ஐயம் இருப்பவர் மட்டும் ‘ஐயா’ எனத் தொடங்கித் தனியே எழுதுவார்.