தொழில்நுட்பக் கடன்: எழுத்துரு மாற்றமும் அடைப்புத் திட்டமும்

தொழில்நுட்பக் கடன் என்பது, ஒரு கணினி அமைப்பை விரைவில் முடிப்பதற்காக எடுத்த எளிய முடிவு பின்னாளில் ஏற்படுத்தும் கூடுதல் வேலையைக் குறிக்கும். அமெரிக்க நிரலர் வார்டு கன்னிங்காம் 1992இல் இந்த உவமையைக் கையாண்டார். பழைய முடிவைத் திருத்த ஆகும் உழைப்பு அசல் எனப்படும். திருத்தாமல் விட்டதால் மாதந்தோறும் ஆகும் வீண் உழைப்பு வட்டி எனப்படும். பல அமைப்புகள் ஒன்றோடொன்று தரவைப் பரிமாறும் நிறுவனத்தில், ஓர் அமைப்பின் கடனுக்கு மற்றவையும் வட்டி கட்ட நேரிடும்.

## தமிழ்க் கணினியில் நேர்ந்த கடன்

ஒருங்குறி பரவும் முன், பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தன. திரையில் தமிழ் உடனே தெரிந்தது. ஆனால் கோப்பில் சேமிக்கப்பட்டவை ஆங்கிலக் குறிகளே. இராமநாதபுரம் கடற்கரை ஊர்கள் சில பாமினியில் பதிவாகும் விதம் இது:

```
Njtpgl;bdk;    தேவிபட்டினம்
Nkyf;fplhuk;   மேலக்கிடாரம்
ghk;gd;        பாம்பன்
jq;fr;rpklk;   தங்கச்சிமடம்
```

கணினி குறி எண்களின்படி அடுக்கினால் மேற்கண்ட வரிசையே வரும். தமிழ் அகரவரிசையில் முதலில் வரவேண்டிய தங்கச்சிமடம் கடைசிக்குப் போய்விடுகிறது. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு தமிழ் எழுத்துகள் என்பது அடுத்த சிக்கல். `kzp` என்பது மணி. சொற்செயலி முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கினால் `Kzp`, அதாவது முணி.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியேற்றங்கள் தரப்படுத்தப்பட்டன. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. எனினும் தரம் அறிவிக்கப்பட்டதால் மட்டும் பழைய கோப்புகள் மாறிவிடுவதில்லை.

## வட்டியைக் கணக்கிடுதல்

கடற்கரை அலுவலகம் ஒன்று 12,000 மீனவர் பெயர்களைப் பாமினியில் வைத்திருப்பதாகக் கொள்வோம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை உண்டு. அதற்கான நிவாரணப் பட்டியலில் உள்ள பெயர் வங்கிப் பெயரோடு பொருந்தாவிட்டால் பணம் தாமதமாகும். அந்நாள்களில் வீட்டில் வேறு வருமானம் இல்லை.

மாதம் 300 பதிவுகளை ஒருங்குறியில் மறுதட்டச்சு செய்ய, ஒன்றுக்கு 4 நிமிடம் வீதம் 20 மணி நேரம் ஆகும். இதுவே வட்டி. மாற்றுநிரலைத் தயாரித்துச் சோதிக்க 60 மணி நேரம் ஆகலாம். ஐயத்துக்குரியவை நூற்றுக்கு இரண்டு என்றால் 240 பதிவுகள். தலா 3 நிமிடம் வீதம் 12 மணி நேரம். ஆக அசல் 72 மணி நேரம். நான்கு மாதத்துக்குள் ஈடாகிவிடும் என்பதால் இக்கடனை முதலில் அடைக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் திறக்கும் பழைய கோப்புக்கு வட்டி குறைவு, அது காத்திருக்கலாம்.

## அடைப்புத் திட்டத்தின் படிகள்

1. வரைபடம். பெயர்ப் பட்டியலை எந்தெந்த அமைப்புகள் படிக்கின்றன என்று எழுத வேண்டும்: அடையாள அட்டை அச்சு, குறுஞ்செய்தி, வங்கிக்கு அனுப்பும் கோப்பு. இதை விட்டுவிட்டு மூலப் பட்டியலை மாற்றினால், மறுநாள் அட்டையில் கட்டங்களோ கிறுக்கல்களோ அச்சாகும்.
2. புதுக் கடனை நிறுத்துதல். புதிய பதிவுகள் ஒருங்குறியில் மட்டுமே ஏற்கப்பட வேண்டும். படகின் ஓட்டையை அடைக்காமல் தண்ணீர் இறைத்துப் பயனில்லை.
3. இடைப்பாலம். இன்னும் மாறாத அமைப்புகளுக்காக, ஒருங்குறியைப் பாமினியாக்கித் தரும் சிறு நிரலை எல்லையில் வைக்கலாம். அதை நீக்கும் நாளை அன்றே குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் பாலமே புதுக் கடனாகும்.
4. மாற்றிச் சரிபார்த்தல். மாற்றியதை மீண்டும் பாமினியாக்கி மூலத்தோடு ஒப்பிட வேண்டும். வேறுபடும் பதிவுகளையும், சொல்லின் தொடக்கத்தில் கால், கொம்பு போன்ற துணைக்குறி வரும் பதிவுகளையும் ஆள் பார்க்க வேண்டும்.
5. பழையதை ஓய்வுறுத்தல். கடைசி அமைப்பும் மாறியபின் பழைய எழுத்துருவைப் பணிக்கணினிகளிலிருந்து நீக்க வேண்டும். மூலக் கோப்பின் படியொன்றைத் திருத்த முடியாதபடி வைத்திருக்க வேண்டும்.

## வரம்புகள்

இருவழி ஒப்பீடு எல்லாப் பிழையையும் காட்டாது. தமிழ்ப் புலத்தில் யாரேனும் ஆங்கிலத்தில் `RDO` என்று எழுதியிருந்தால் அது சுனுழு என்று மாறும். திருப்பினால் மீண்டும் `RDO` ஆகும். ஒப்பீட்டில் பிழை தெரியாது. வெறும் உரையாகச் சேமித்த கோப்பில் எழுத்துருவின் பெயர் இருக்காது என்பதால், எது தமிழ், எது ஆங்கிலம் என்று நிரலுக்குத் தெரிய வழியில்லை. எனவே பெரிய எழுத்துகள் தொடர்ந்து வரும் பதிவுகளைத் தனியே பிரித்து, ஊரையும் பெயர்களையும் அறிந்த ஒருவர் வாசித்துப் பார்ப்பதே வழி.

ஒருங்குறிக்குள்ளும் கவனம் வேண்டும். 'கொ' என்பதன் துணைக்குறியை ஒரே குறியாகவும், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் சேமிக்க இயலும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தேடலில் அவை வேறு. சேமிக்கும் முன் அனைத்தையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்தால் இந்தப் புதுக் கடன் சேராது.