ஃப்ளூ பக்கம் போனால் தலை வலிக்கிறது

ஃபோர்ஜிங் பட்டறையில் இரும்புத் துண்டுகளைப் பழுக்கக் காய்ச்சும் எண்ணெய் ஃபர்னஸ் அருகே வேலை பார்ப்பவருக்குத் தலைவலி வந்தால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. வெக்கை, ஹேம்மர் இரைச்சல், தூக்கம் கெட்ட இரவு ஷிப்ட் என்று சொல்வதற்குக் காரணங்கள் நிறைய இருக்கின்றன. அதனால் ஆபரேட்டர் ஒருவர், "ஃபர்னஸ் பக்கம் புகை வருகிறது, தலை வலிக்கிறது, நடவடிக்கை எடுக்கவும்" என்று சேஃப்டி ஆபீசருக்கு எழுதிக் கொடுத்தால், முதலுதவி அறையிலிருந்து ஒரு மாத்திரை வருவதோடு காரியம் முடிந்துவிடுகிறது. அந்தக் கடிதத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எங்கே, எப்போது, எந்த நிலைமையில் தேட வேண்டும் என்பது அதில் இல்லை.

அதே ஆபரேட்டர் இப்படி எழுதினால் என்ன ஆகும்? கீழே இருப்பது ஒரு மாதிரிக் கடிதம். இதில் வரும் பட்டறையும் ஆட்களும் கற்பனை. கோளாறு மட்டும் எண்ணெய் ஃபர்னஸ் உள்ள எந்த இடத்திலும் வரக்கூடியது.

"மதிப்பிற்குரிய பாதுகாப்பு அலுவலர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

நான் இரண்டாம் நம்பர் ஃபர்னஸ் ஆபரேட்டர். இந்த வாரம் இரவு ஷிப்ட். வேலைக்கு வரும்போது நன்றாக இருக்கிறேன். இரவு ஒரு மணி வாக்கில் நெற்றிப் பக்கம் வலி தொடங்குகிறது. மூன்று மணிக்குள் குமட்டுகிறது. வெளியே போய்க் காற்றாட உட்கார்ந்தால் கொஞ்சம் குறைகிறது. வீட்டில் தூங்கி எழுந்தால் சுத்தமாக இல்லை. போன வாரம் பகல் ஷிப்ட் பார்த்தேன். வெக்கை அப்போதுதான் அதிகம், ஆனால் தலை வலிக்கவில்லை.

என் ஹெல்ப்பருக்கும் மேலே கிரேன் கேபினில் இருப்பவருக்கும் இதே தொந்தரவு. கிரேன்காரர் நேற்றுக் கிறுகிறுப்பு என்று பாதியில் இறங்கிவிட்டார். ஹேம்மர் பக்கம் நிற்பவர்களுக்கு ஒன்றும் இல்லை.

ஃபர்னஸுக்குப் பின்னால் ஃப்ளூ வளைகிற இடத்தில், கரி அள்ளும் சிறு கதவைச் சுற்றிக் கறுப்பாகக் கறை படிந்திருக்கிறது. போன மாதம் அது இல்லை. சாரல் அடிப்பதால் இரவில் ஷட்டர்களை இறக்கிவிடுகிறோம். கூரை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். எண்ணெய்ச் செலவைக் குறைக்க டேம்பரைப் பாதிக்குக் கீழே இறக்கி வைத்திருக்கிறோம். பர்னர் சுடர் மஞ்சளாக, நுனியில் புகையோடு எரிகிறது.

ஷட்டர் இறங்கியிருக்கும்போது, இரவு ஒன்றரை மணிக்கு மேல் மீட்டர் கொண்டுவந்து அளந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதுவரை ஷட்டர்களைத் திறந்து வைக்கவும், ஃப்ளூ பக்கம் யாரும் தனியாகப் போகாமல் இருக்கவும் உத்தரவிட வேண்டும்."

இந்தக் கடிதத்தைப் படிக்கும் அலுவலருக்கு உடனே கார்பன் மோனாக்சைடு நினைவுக்கு வர வேண்டும். எண்ணெய் முழுதாக எரியக் காற்று போதாதபோது உண்டாகும் வாயு அது. நிறமும் வாசனையும் இல்லாதது. ஃபர்னஸ் ஆயிலில் உள்ள கந்தகம் எரிந்து வரும் புகை மூக்கையும் கண்ணையும் எரிக்கும், இருமலைக் கிளப்பும். கார்பன் மோனாக்சைடு எதையும் எரிக்காமல் நுரையீரலுக்குள் போய், ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றும் என்பதால், காற்றில் கொஞ்சம் இருந்தாலும் மணிக்கணக்கில் சுவாசிக்கும்போது ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். ஷிப்ட் தொடக்கத்தில் இல்லாத வலி ஒரு மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்குக் குமட்டலாவது இதனால்தான்.

வெக்கையால் வரும் தலைவலியும் வெளியே போனால் குறையும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது கடிதத்தில் உள்ள பகல் ஷிப்ட் வரிதான். வெயிலும் ஃபர்னஸ் அனலும் சேர்ந்த பகலில் வலி இல்லை, குளிர்ந்த இரவில் ஷட்டர் இறங்கிய பிறகு வருகிறது என்றால் வெக்கையைக் குற்றம் சொல்ல முடியாது. ஹேம்மர் பக்கம் நிற்பவருக்கு வலி இல்லை என்ற வரி, காரணம் ஃபர்னஸ் பக்கத்தில் இருப்பதைக் காட்டுகிறது. கிரேன்காரரைப் பற்றிய வரி இன்னும் மதிப்புள்ளது. ஃப்ளூவிலிருந்து கசியும் வாயு சூடாக இருப்பதால் மேலே எழும்பிக் கூரையடியில் தேங்கும். கீழே நிற்பவருக்குத் தலைவலி வரும் நேரத்தில் மேலே கேபினில் இருப்பவருக்குத் தலை சுற்றலாம். அங்கே அவர் மயங்கினால் இறக்குவதும் கடினம்.

அடுத்தது அளவீடு. இங்கேதான் பல புகார்கள் செத்துப்போகின்றன. காலை பதினொரு மணிக்கு, எல்லா ஷட்டரும் திறந்திருக்கும்போது மீட்டரைப் பிடித்தால் எட்டோ பத்தோ காட்டும். 'ஒன்றுமில்லை' என்று கோப்பை மூடிவிடுவார்கள். அதே இரவு எதுவும் மாறாமல் தலைவலி திரும்ப வரும். புகார் எந்த நிலையில் எழுந்ததோ அந்த நிலையிலேயே, ஆள் நிற்கும் இடத்தில், மூக்கு உயரத்தில் அளக்க வேண்டும். கிரேன் கேபினுக்கும் மீட்டர் ஏற வேண்டும். அதற்கு முன் வெளிக்காற்றில் மீட்டர் பூஜ்யம் காட்டுகிறதா, சோதனை வாயுவுக்குச் சரியாக அசைகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய சென்சார் உணர்விழந்து எப்போதும் நல்ல சேதியே சொல்லும்.

நம் மாதிரிப் பட்டறையில், கன்ட்ரோல் பேனல் அருகே 30 பி.பி.எம்., ஃப்ளூ வளைவருகே 160 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். பி.பி.எம். என்றால் பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு என்ற கணக்கு. எட்டு மணி நேர ஷிப்டில் ஆபரேட்டர் ஆறு மணி நேரம் பேனல் அருகேயும் இரண்டு மணி நேரம் ஃப்ளூ பக்கமும் இருக்கிறார். ஆறு முப்பது 180, இரண்டு நூற்றறுபது 320, மொத்தம் 500. எட்டால் வகுத்தால் சராசரி 62.5. தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை எட்டு மணி நேரச் சராசரிக்கு வைத்த வரம்பு 50. அமெரிக்கத் தொழில் சுகாதார வல்லுநர் அமைப்பான ஏ.சி.ஜி.ஐ.எச். பரிந்துரைப்பது 25தான். பேனல் அருகே மட்டும் அளந்திருந்தால் 30 என்று எழுதி, சட்டப்படி சரி என்றிருப்பார்கள். ஆள் எங்கெங்கே எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதை ஆபரேட்டரைக் கேட்காமல் இந்தக் கணக்கைப் போடவே முடியாது.

இனி, வாயு ஏன் வெளியே வருகிறது? சிம்னி நன்றாக இழுக்கும்போது ஃப்ளூவுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாக இருக்கும். விரிசல் இருந்தாலும் வெளிக்காற்றுதான் உள்ளே போகும். டேம்பரை அதிகமாக இறக்கினாலோ, வளைவில் கரி அடைத்தாலோ இந்த இழுவை செத்து, அழுத்தம் தலைகீழாகும். அப்போது சந்து கிடைத்த இடமெல்லாம் வாயு வெளியேறும். கதவைச் சுற்றிய கறுப்புக் கறை அதற்குச் சாட்சி. ஷட்டரை இறக்கிவிட்டுக் கூரை ஃபேனை ஓட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும். ஃபேனுக்கு வேண்டிய காற்று வெளியிலிருந்து கிடைக்காததால், ஷெட்டுக்குள் அழுத்தம் குறைந்து, ஃப்ளூ வாயுவை அதுவே வெளியே இழுக்கும். ஆட்களைக் காக்க மாட்டிய ஃபேன் இப்படி எதிர்வேலை செய்வது பலருக்குத் தெரிவதில்லை.

ஒரு ஊதுபத்தியைக் கதவின் விளிம்பருகே பிடித்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். புகை சந்துக்குள் போனால் இழுவை இருக்கிறது. வெளிப்பக்கம் தள்ளப்பட்டால் ஃப்ளூ கக்குகிறது.

சரிசெய்வதில் வழக்கமாக நடக்கும் தவறு, கறை தெரிந்த இடத்தில் ஃபயர் கிளே பூசிவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுவது. உள்ளே அழுத்தம் அப்படியே இருப்பதால் வாயு அடுத்த சந்தைத் தேடிப் போகும். ஃபர்னஸை நிறுத்தி, ஆறவிட்டு, ஃப்ளூ வளைவில் அடைத்த கரியை அள்ள வேண்டும். கதவின் கேஸ்கெட்டை மாற்ற வேண்டும். பிறகு எரிப்பைப் பார்க்க வேண்டும். ஃப்ளூ வாயுவில் ஆக்சிஜன் சுமார் 3 முதல் 4 சதவீதம் மிஞ்சினால் எண்ணெய்க்குப் போதிய காற்று கிடைக்கிறது என்று அர்த்தம். ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்ச் சுடர் மஞ்சளாகப் புகைந்தால் கார்பன் மோனாக்சைடு அங்கேயே உற்பத்தியாகிறது. டேம்பரைக் கொஞ்சம் இறக்கினால் எண்ணெய் மிச்சம் என்பது உண்மைதான். குளிர்காற்று உள்ளே புகாது. ஆனால் காற்றைக் கண்டபடி குறைத்தால் எண்ணெய் பாதி எரிந்து புகையாய்ப் போகிறது, மிச்சமும் கிடைப்பதில்லை.

டேம்பரை இறக்கியது நாமே என்று எழுத ஆபரேட்டர்கள் பயப்படுவார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அந்த வரி இல்லாவிட்டால் அலுவலர் காரணத்தைக் கண்டுபிடிக்க நாட்கள் ஆகும். அந்த நாட்களில் மூச்சு விடுவது ஆபரேட்டர்தான். அதை எழுதியவரைத் தண்டிக்கும் நிர்வாகத்துக்கு அடுத்த கடிதம் வராது.

மருத்துவப் பக்கத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. கோவிட் காலத்தில் பல வீடுகளில் வாங்கி வைத்த விரல்நுனி ஆக்சிமீட்டர் இந்த விஷத்தைக் கண்டுபிடிக்காது. கார்பன் மோனாக்சைடு பற்றிய ஹீமோகுளோபினையும் அது ஆக்சிஜன் ஏறியதாகவே எண்ணி 98 என்று காட்டும். கார்பாக்சி ஹீமோகுளோபின் அளவைச் சொல்லும் ரத்தப் பரிசோதனைதான் வழி. சாதாரணக் காற்றில் அந்த அளவு நாலைந்து மணி நேரத்தில் பாதியாகிவிடும். தூங்கி எழுந்து, சாப்பிட்டு, மதியம் ரத்தம் கொடுத்தால் தடயம் போயிருக்கும். வலி இருக்கும்போதே போய், 'ஃபர்னஸ் வேலை, வாயுவாக இருக்கலாம்' என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். புகைபிடிப்பவர் என்றால் அதையும் சொல்ல வேண்டும், அவர் ரத்தத்தில் இது முன்பே கொஞ்சம் இருக்கும். யாராவது மயங்கினால் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 108ஐ அழைத்து, ஆக்சிஜன் வேண்டும் என்று சொல்லுங்கள். துணி முகக்கவசமும் தூசி மாஸ்க்கும் இந்த வாயுவைத் துளியும் தடுக்காது. அதைக் கட்டிக்கொண்டு உள்ளே ஓடாதீர்கள்.

1984 போபால் விஷவாயுக் கொடுமைக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டபோது 41-எச் என்ற பிரிவு சேர்ந்தது. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து வரும் என்று நியாயமாக அஞ்சும் தொழிலாளர், அதை நிர்வாகத்திடம் நேராகவோ பாதுகாப்புக் குழு வழியாகவோ தெரிவிக்கலாம், அதே நேரத்தில் அரசு ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம் என்றது அது. ஆபத்தான தொழில்களுக்கான அந்த அத்தியாயத்தின் பட்டியலில் வார்ப்பும் ஃபோர்ஜிங்கும் இருந்தன. 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இந்த உரிமையைத் தருகிறது. தமிழ்நாட்டில் இதற்கான துறை, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்.

ஃபர்னஸில் வேலை பார்க்கும் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்து, தலைவலியோடு திரும்பினால், கூட வேலை பார்ப்பவருக்கும் வலிக்கிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் இன்றே எழுதச் சொல்லுங்கள். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தேதியோடு பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.