புண்ணின் அடியில் எலும்பு

மே மாதத்து தில்லி வெயிலில் ஆர்.கே.புரம் மலை மந்திரின் கல்தரையில் செருப்பில்லாமல் நடக்கிறார் ஒரு சர்க்கரை நோயாளி என்று வைத்துக்கொள்வோம். பாதம் மரத்துப்போனவர் என்பதால் கொப்புளம் வந்ததே தெரியவில்லை. கட்டைவிரலுக்கு அடியில், உள்ளங்கால் மேட்டில், அது உடைந்து சின்னப் புண்ணாகிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. கட்டு மாற்றி மாற்றி ஒரு மாதம் ஓடிவிடுகிறது.

ஆபத்தே இந்த அமைதிதான். அந்த இடத்தில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதை குறைவு. கிருமி சீக்கிரமே எலும்புக்குள் போய்விடும்.

மருத்துவர் முனை மழுங்கிய, சுத்திகரித்த உலோகக் கம்பியைப் புண்ணுக்குள் மெதுவாக விட்டுப் பார்ப்பார். நறுக்கென்று கெட்டியாகத் தட்டினால் அது எலும்பு. தொற்று முற்றிய புண்களில் அப்படித் தட்டியவர்களில் 89 சதவீதத்தினருக்கு எலும்பில் தொற்று இருந்ததாக 1995இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. தட்டவில்லை என்றால் நிம்மதி அடையவும் முடியாது. எலும்பில் தொற்று இருந்தவர்களில் மூன்றில் ஒருவரை இந்தச் சோதனை தவறவிட்டது. வீட்டில் இதைச் செய்யவே கூடாது.

எக்ஸ்ரேயும் முதலில் ஏமாற்றும். எலும்பு அரிப்பு படத்தில் தெரிய இரண்டு, மூன்று வாரம் ஆகும் என்பதால் மறுபடி எடுக்க வேண்டும். ரத்தத்தில் ஈ.எஸ்.ஆர். 70ஐத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும். அப்போதும் தெளிவில்லை என்றால் எம்.ஆர்.ஐ.

எந்தக் கிருமி என்பது அடுத்த கேள்வி. புண்ணின் மேல் பஞ்சால் துடைத்தெடுக்கும் மாதிரி பல நேரம் எலும்பில் உள்ள கிருமியைக் காட்டுவதில்லை. எலும்புத் துணுக்கைச் சோதிப்பதே நம்பகமானது. தில்லி எய்ம்ஸில் பாதப்புண் உள்ள 80 பேரிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், 72 சதவீதத்தினரிடம் பல மருந்துகளுக்கு மசியாத கிருமிகள் இருந்தன. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை இங்கே என்ன செய்யும்?

சரியான மருந்துக்கும் வாரக்கணக்கு ஆவதற்குக் காரணம் உண்டு. செத்த எலும்புத் துண்டுக்குள் ரத்தம் ஓடாது. ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. கிருமிகள் படலம் கட்டிக்கொண்டும், எலும்பின் நுண்குழாய்களுக்குள் புகுந்தும் ஒளிந்துகொள்ளும். அதனால்தான் எலும்பை வெட்டாமல் மருந்தை மட்டும் நம்பினால் சுமார் 6 வாரம். கெட்ட பகுதியை வெட்டிய பின்னும் மிச்ச எலும்பில் கிருமி இருந்தால் 3 வாரம் வரை. முழுவதும் அகற்றிவிட்டால் சில நாள் போதும். எந்த வழியானாலும் காலுக்கு ரத்த ஓட்டம் வேண்டும், புண்மேல் உடல் பாரம் விழக் கூடாது.

பத்தாவது நாள் மேல்தோல் மூடிக்கொண்டதும் மருந்தை நிறுத்துபவருக்கு அடியில் தொற்று தொடரலாம். குணமாகிவிட்டது என்று சொல்லவே மருந்து முடிந்து 6 மாதம் பொறுத்துப் பார்ப்பார்கள்.

சிவப்போ வீக்கமோ சீழோ இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். எதுவும் இல்லாமலே புண் ஒரு மாதமாக ஆறவில்லை என்றால், “எலும்பு வரை பார்த்தீர்களா டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள்.