இரவில் விரல்கள் மரத்துப்போதல்: கார்ப்பல் டனல் நோய் எப்போது ஐயுறப்படுகிறது?

மாப்பிள்ளையூரணியிலிருந்து தூத்துக்குடித் துறைமுக அலுவலகம் ஒன்றுக்குச் சென்று, நாள் முழுவதும் தட்டச்சு செய்யும் ஒருவரைக் கருதுவோம். நள்ளிரவில் விரல்கள் மரத்து, ஊசி குத்துவதுபோன்ற உணர்வால் விழித்துக்கொள்கிறார். கையை உதறினால் தணிகிறது. மருத்துவர் அவரிடம் கேட்கும் முக்கியமான கேள்வி, சுண்டுவிரலும் மரக்கிறதா என்பதே.

மணிக்கட்டில் எலும்புகளுக்கும் தடித்த நார்ப்பட்டைக்கும் இடையிலுள்ள குறுகிய வழியே கார்ப்பல் டனல். விரல்களை மடக்கும் 9 தசைநாண்களோடு மீடியன் நரம்பும் அதனுள் நெருக்கமாகச் செல்கிறது. அந்நரம்பு கட்டைவிரல், ஆட்காட்டிவிரல், நடுவிரல், மோதிரவிரலின் ஒரு பாதி ஆகியவற்றுக்கு உணர்வளிக்கிறது, சுண்டுவிரலுக்கு அன்று. எனவே சுண்டுவிரல் மரக்காதிருப்பின் இந்நோய் வலுவாக ஐயுறப்படும். சுண்டுவிரல் மட்டும் மரத்தால் முழங்கையருகே செல்லும் வேறொரு நரம்பையும், கழுத்திலிருந்து வலி இறங்கினால் கழுத்தையும் ஆராய வேண்டும்.

உறக்கத்தில் மணிக்கட்டு மடங்குவதால் நரம்பின்மீது அழுத்தம் கூடுகிறது. மணிக்கட்டை 60 வினாடி மடக்கிவைத்து மரத்தல் தோன்றுகிறதா எனப் பார்ப்பது இதனாலேயே. ஐயம் நீடித்தால் நரம்புக் கடத்தல் சோதனை செய்யப்படும்.

தட்டச்சின்மீதே பழி சுமத்திவிடலாகாது. நீரிழிவு, தைராய்டு குறைபாடு, கர்ப்பம் ஆகியவற்றாலும் இந்நோய் வரும். இரவில் மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டை அணிவது தொடக்கநிலைச் சிகிச்சை. கட்டைவிரலின் அடிச்சதை மெலிந்தாலோ, பிடித்த பொருள் நழுவினாலோ, மரத்தல் பகலிலும் நீங்காதிருந்தாலோ உடனே மருத்துவரை அணுகவும்.