தேடுபவர் கேட்பது விலை, கடை சொல்வது கதை

மரச்செக்கு எண்ணெய் விற்கும் ஒரு சிறு கடை இணையதளம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்லெண்ணெய்க்கென்று ஒரு பக்கம் எழுதியாயிற்று. வாகை மரச் செக்கின் பெருமை, எள்ளின் குணம், தாத்தா காலத்துக் கதை எல்லாம் அதில் உண்டு. விலை மட்டும் அடியில் எங்கோ கிடக்கிறது. "மரச்செக்கு நல்லெண்ணெய் விலை" என்று கூகுளில் தேடினால் கடை கண்ணிலேயே படுவதில்லை. உடனே உரிமையாளர் "மரச்செக்கு நல்லெண்ணெய்" என்ற சொற்களைப் பக்கம் முழுக்க இருபது இடங்களில் செருகுகிறார்.

அதனால் ஒரு பயனும் இல்லை. சொற்களை இப்படித் திணிப்பதைக் கூகுள் தன் விதிகளிலேயே குற்றமாகச் சொல்லியிருக்கிறது.

தேடுகிறவர் எதற்காகத் தேடுகிறார் என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. கணினி அறிஞர் ஆண்ட்ரே பிரோடர், அல்டாவிஸ்டா தேடுபொறியில் மக்கள் தேடியவற்றை ஆராய்ந்து 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தேடல்களை அவர் மூன்றாகப் பிரித்தார்: ஒன்றைத் தெரிந்துகொள்ள, குறிப்பிட்ட தளத்துக்குப் போக, ஒரு காரியத்தை முடிக்க. இன்றும் இத்துறையினர் இந்தப் பிரிவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். "மரச்செக்கு எண்ணெய் நல்லதா" என்று கேட்பவருக்கு விளக்கம் வேண்டும். "விலை" என்று சேர்த்துத் தேடுபவர் பணப்பையைக் கையில் எடுத்துவிட்டார். அவருக்குத் தாத்தா கதை இடைஞ்சல். இருவருக்கும் ஒரே பக்கத்தில் பதில் சொல்லப் போனால் இருவரையுமே இழக்க நேரும்.

இந்த நோக்கத்தைக் கண்டுபிடிக்கக் காசு கொடுத்துக் கருவி வாங்க வேண்டியதில்லை. அதே சொற்களைத் தேடிப் பார்த்து, முதல் பக்கத்தில் வருபவை எப்படிப்பட்டவை என்று கவனித்தால் போதும். வருபவை பெரும்பாலும் விற்பனைப் பக்கங்களாக இருந்தால், அங்கே கட்டுரையைக் கொண்டுபோய் நிறுத்துவது வீண்.

நம் கடைக்காரர் பக்கத்தைப் பிரித்து எழுதுகிறார். கதை தனிக் கட்டுரையாகிறது. விலைப் பக்கத்தின் எலும்புக்கூடு இப்படி அமைகிறது:

```html
<title>மரச்செக்கு நல்லெண்ணெய் விலை: 1, 5 லிட்டர்</title>
<h1>மரச்செக்கு நல்லெண்ணெய்</h1>
<h2>இன்றைய விலை</h2>
<h2>எந்த எள், எப்படி ஆட்டுகிறோம்</h2>
<h2>டெலிவரி</h2>
```

முதல் வரியில் இருப்பது தேடல் முடிவில் நீல எழுத்தில் தெரியும் தலைப்பு. கூகுள் சில நேரம் அதைத் தானாக மாற்றிக் காட்டினாலும், பக்கம் எதைப் பற்றியது என்று அறிய அது முக்கியமான அடையாளம். கீழே உள்ள துணைத்தலைப்புகள், வாசகரும் இயந்திரமும் வேண்டிய இடத்துக்கு நேரே போக வழிகாட்டுகின்றன. விலையைப் படமாகப் போடாமல் எழுத்தாகவே தர வேண்டும். கதைக் கட்டுரையிலிருந்து இந்தப் பக்கத்துக்கு "நல்லெண்ணெய் விலை" என்ற சொற்களிலேயே இணைப்பு தருவதும் உதவும். "இங்கே கிளிக் செய்யவும்" என்பதிலிருந்து கூகுளுக்கு எதுவும் புரியாது.

மறுநாளே ஏதாவது மாறுமா? மாறாது. கூகுள்பாட் என்னும் நிரல் திரும்ப வந்து பக்கத்தைப் படிக்க வேண்டும். புதிய சிறு தளங்களை அது அடிக்கடி எட்டிப் பார்ப்பதில்லை. படித்ததைத் தன் அட்டவணையில் சேர்ப்பதும் உறுதியல்ல. சேர்த்த பிறகும், அதே சொற்களுக்காக ஆண்டுக்கணக்கில் நிற்கும் தளங்களோடு ஒப்பிட்டுத்தான் இடம் தரும். பிற தளங்கள் தரும் இணைப்புகள் அந்த ஒப்பீட்டில் எடை பெறுகின்றன. ஒரு சமையல் பதிவரோ உள்ளூர்ச் செய்தித் தளமோ கடையைக் குறிப்பிட்டு எழுதுவது, எழுதுகிறவர் மனம் வைத்து நடக்க வேண்டிய காரியம். திருத்தங்களைச் செய்து பலன் காணப் பெரும்பாலும் நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்று கூகுளே 2017இல் ஒரு காணொளியில் சொன்னது.

இணைப்புகளை விலைக்கு வாங்கிக் குறுக்கே ஓடுவது ஆபத்து. 2011இல் அமெரிக்காவின் ஜே.சி. பென்னி நிறுவனத்துக்கு ஆதரவாக, சம்பந்தமே இல்லாத பல தளங்களில் இணைப்புகள் வைக்கப்பட்டிருப்பதை நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. கூகுள் நடவடிக்கை எடுத்தது. ஒரு வகைப் பயணப் பெட்டிக்கான தேடலில் முதலிடத்தில் இருந்த அந்நிறுவனம், இரண்டே மணி நேரத்தில் 71ஆம் இடத்துக்குச் சரிந்தது.

காத்திருக்கும் மாதங்களில் கண்ணைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோலில், பக்கம் அட்டவணையில் சேர்ந்ததா என்று முதலில் பார்க்கலாம். சேரவில்லை என்றால், தளத்தை உருவாக்கியபோது வைத்த `noindex` குறியை எடுக்க மறந்திருக்கலாம். இது அடிக்கடி நடக்கும் தவறு. சேர்ந்திருந்தால், எத்தனை முறை தேடல் முடிவில் தோன்றியது என்ற எண்ணிக்கையைக் கவனிக்க வேண்டும். வழக்கமாக அதுதான் முதலில் ஏறும். பிறகு சராசரி இடம் நாற்பதிலிருந்து இருபதுக்கு நகரும். கிளிக்குகள் கடைசியில் வரும். எந்தச் சொற்களுக்குப் பக்கம் தோன்றுகிறது என்ற பட்டியலும் அங்கேயே இருக்கிறது. விலைப் பக்கம் "நல்லெண்ணெய் குளியல் எந்தக் கிழமை" என்ற தேடலுக்கே அதிகம் தோன்றுகிறது என்றால், கடைக்காரர் எழுத வேண்டிய அடுத்த கட்டுரை எதுவென்று தெரிந்துவிடும்.