திங்கட்கிழமை போனை யார் எடுப்பார்கள்?

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரைச் சுற்றி வளையம் போலக் கிடக்கிறது தெற்கு கேம்பிரிட்ஜ்ஷயர் மாவட்டம். அதன் மாவட்ட மன்றம் நம் ஊர் நகராட்சி பார்ப்பது போன்ற வேலைகளைப் பார்க்கிறது. குப்பை அள்ளுவது, வீடு கட்ட அனுமதி தருவது, வாடகை உதவித்தொகை வழங்குவது, தன் சொந்தக் குடியிருப்புகளைப் பராமரிப்பது, இவை எல்லாவற்றுக்கும் மக்கள் அடிக்கும் போனை எடுத்துப் பதில் சொல்வது. 2023 ஜனவரியில் இந்த மன்றம், மேசை வேலை பார்க்கும் சுமார் 450 ஊழியர்களுக்கு வாரம் நான்கு நாள் வேலை என்று மாற்றிப் பார்த்தது. பிரிட்டனில் ஓர் உள்ளாட்சி அமைப்பு இப்படிச் செய்தது அதுவே முதல் முறை.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். "நான்கு நாள் வேலை" என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கு 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறிய தொழிற்சாலைச் சட்டத் திருத்தம்தான் நினைவுக்கு வரும். ஒரு நாளைக்கு 12 மணி நேரம், நான்கு நாள், மொத்தம் அதே 48 மணி நேரம் என்பது அதில் பேசப்பட்ட கணக்கு. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். கேம்பிரிட்ஜ்ஷயரில் நடந்தது வேறு. அங்கே வாரத்துக்கு 37 மணி நேரமாக இருந்த வேலை சுமார் 30 மணி நேரமாகக் குறைந்தது, சம்பளத்தில் ஒரு பைசாவும் குறையவில்லை. பதிலுக்குக் கேட்கப்பட்டது ஒன்றே: முன்பு நடந்த வேலை முழுவதும் நடந்தாக வேண்டும்.

ஏன் இந்தச் சோதனைக்கு இறங்கினார்கள்? ஆள் கிடைக்கவில்லை. கேம்பிரிட்ஜைச் சுற்றி வீட்டு விலை அதிகம், தனியார் நிறுவனங்கள் தரும் சம்பளமும் அதிகம். கட்டட அனுமதி பார்க்கும் அதிகாரி போன்ற பணியிடங்கள் காலியாகவே கிடந்தன. அவற்றை ஏஜென்சி மூலம் வரும் தற்காலிக ஆட்களை வைத்து, கூடுதல் காசு கொடுத்து, நிரப்ப வேண்டியிருந்தது. சம்பளத்தைக் கூட்ட முடியாத அரசு அலுவலகம் நேரத்தைக் கொடுத்து ஆள் பிடிக்கப் பார்த்தது.

கதை எழுதுகிறவர், மென்பொருள் எழுதுகிறவர் என்றால் ஐந்து நாள் வேலையை நான்கு நாளில் முடிப்பது அவர் சாமர்த்தியம். சேவைக் குழுவின் நிலை அப்படியல்ல. வேலை எப்போது வர வேண்டும் என்பதை அங்கே தீர்மானிப்பது வாடிக்கையாளர். போன் அடிக்கும்போது எடுத்தாக வேண்டும். "நேற்று சேர்த்துப் பேசிவிட்டேன்" என்று சொல்ல முடியாது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்துப் பேர் உள்ள ஒரு போன் குழு என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 48 அழைப்பு வருகிறது. ஒவ்வோர் அழைப்பும், அதற்குப் பின் குறிப்பு எழுதுவதும் சேர்த்துப் பத்து நிமிடம் பிடிக்கிறது. பத்துப் பேரும் நாற்காலியில் இருந்தால் ஒருவர் தன் நேரத்தில் 80 சதவீதம் வேலையில் இருப்பார். அழைப்புகள் முன்பின்னாக வருவதால் மக்கள் சராசரியாக இரண்டு நிமிடம் காத்திருப்பார்கள். ஒருவர் குறைந்து ஒன்பது பேர் ஆனால்? காத்திருப்பு இரண்டேகால் நிமிடமாகும் என்று தோன்றும். ஆனால் தொலைபேசி இணைப்பகங்களுக்காக ஒரு நூற்றாண்டுக்கு முன் டென்மார்க்கின் எர்லாங் வகுத்த சூத்திரத்தில் போட்டால் அது ஆறரை நிமிடம் என்று வருகிறது. எட்டுப் பேர் என்றால் வருகிற வேலையும் செய்யும் திறனும் சரிக்குச் சமம்; வரிசை ஏறிக்கொண்டே போகும், இறங்கவே இறங்காது.

ஐம்பது ஆள்நாள் நாற்பதாகிறது என்றால், சமமாகப் பிரித்தால் ஒரு நாளைக்கு எட்டுப் பேர். சமமாகப் பிரிவதும் நடப்பதில்லை. விடுப்பு நாளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எல்லோரும் கேட்பது வெள்ளி அல்லது திங்கள்; சனி, ஞாயிறோடு சேர்ந்து மூன்று நாள் கிடைக்குமே. பாதிப் பேர் திங்களும் பாதிப் பேர் வெள்ளியும் எடுத்தால் செவ்வாய் முதல் வியாழன் வரை பத்துப் பேர் இருப்பார்கள். திங்களன்று ஐந்து பேர்தான். இரண்டு நாள் அலுவலகம் மூடியிருந்ததால் சேர்ந்த அழைப்புகள் எல்லாம் வந்து விழுவதும் அந்தத் திங்கள்கிழமைதான்.

அப்படியானால் இது எங்குமே நடக்காதா? நடக்கும், ஆனால் ஓர் அழைப்புக்குச் செலவாகும் பத்து நிமிடம் எட்டாக வேண்டும். அப்போது எட்டுப் பேரும் பழையபடி 80 சதவீத வேலையில் இருப்பார்கள். அந்த இரண்டு நிமிடத்தை வேகமாகப் பேசிச் சேமிக்க முடியாது. சேமித்தால் அதே ஆள் மறுநாள் மறுபடியும் கூப்பிடுவார். சேவைத் துறையில் வரும் அழைப்புகளில் ஒரு பெரிய பங்கு, முதல் முறை வேலை ஒழுங்காக முடியாததால் வருபவை. "என் மனு என்ன ஆச்சு?" என்று கேட்பவரின் அழைப்பு அது. மனு எந்த நிலையில் இருக்கிறது என்று அவருக்கு ஒரு குறுஞ்செய்தி தானாகவே போயிருந்தால் அவர் கூப்பிட்டிருக்கவே மாட்டார். நேரம் கிடைப்பது இந்த மாதிரி இடங்களில்தான்.

கேம்பிரிட்ஜ்ஷயரில் மூன்று மாதச் சோதனை நீட்டிக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் குப்பை அள்ளும் பணியாளர்களும் அதில் சேர்ந்தார்கள். குப்பை வண்டியில் "கூட்டங்களைக் குறை" என்று சொல்லிப் பயனில்லை. தெரு அத்தனையும் தெருதான். அதனால் வழித்தடங்களையே புதிதாக வரைந்தார்கள். திங்கள்கிழமைச் சுற்று முற்றிலும் நின்றது, செவ்வாய் முதல் வெள்ளி வரை மட்டும் வண்டி வந்தது. இதில் ஒரு நன்மையும் இருந்தது. இங்கிலாந்தில் பொது விடுமுறைகள் பெரும்பாலும் திங்களில்தான் வரும். முன்பு அந்த வாரம் முழுக்க அட்டவணை ஒரு நாள் தள்ளிப்போய்க் குழம்பும். அந்தக் குழப்பம் போயிற்று. ஆனால் குப்பைத் தொட்டியை எந்த நாளில் வெளியே வைப்பது என்று பல வீடுகள் புதிதாகப் பழக வேண்டியிருந்தது.

2024 ஜூலையில் சால்ஃபோர்ட், பிராட்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் மதிப்பீடு வந்தது. 24 அளவுகோல்கள் பார்க்கப்பட்டன. 11 முன்னேறியிருந்தன, 11 மாறவில்லை, 2 சரிந்திருந்தன. வேலையை விட்டுப் போவோர் 39 சதவீதம் குறைந்திருந்தனர். ஏஜென்சி ஆட்களின் தேவை குறைந்ததால் முக்கியமாக, ஆண்டுக்குச் சுமார் 3,71,500 பவுண்டு மிச்சம்.

எல்லோரும் முன்னேறிய பதினொன்றைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அந்த இரண்டுதான் முக்கியமாகப்படுகிறது. ஒன்று வாடகை வசூல். அந்தக் காலத்தில் பிரிட்டனில் விலைவாசி ஏறி, மின்கட்டணமும் உணவும் குடும்பங்களை நெருக்கின. வாடகை பாக்கி விழுந்ததற்கு நான்கு நாள் வாரத்தைக் குறை சொல்வது கடினம். இரண்டாவது வேறு மாதிரி: ஒருவர் காலி செய்த மன்ற வீட்டை அடுத்த குடும்பத்துக்குக் கொடுக்க ஆகும் நாட்கள்.

இந்த வேலை ஒருவர் கையில் முடிவதல்ல. சாவி வாங்க வேண்டும், வீட்டைப் பார்வையிட வேண்டும், பழுது பார்க்க வேண்டும், மின்சாரப் பாதுகாப்பைச் சோதிக்க வேண்டும், புதியவருக்கு வீட்டைக் காட்டி ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். கோப்பு கைமாறிக் கைமாறிப் போகும். வியாழன் மாலை நான் முடித்து உங்களிடம் அனுப்புகிறேன், உங்களுக்கு வெள்ளி விடுப்பு. திங்கள் நீங்கள் பார்த்து அடுத்தவருக்கு அனுப்புகிறீர்கள், அவருக்குத் திங்கள் விடுப்பு. நாங்கள் மூவரும் எங்கள் பங்கை ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் செய்திருக்கிறோம். வீடு மட்டும் செவ்வாய்வரை பூட்டிக் கிடக்கிறது. அங்கே நடந்தது இதுதான் என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். வேறு காரணங்களும் சேர்ந்திருக்கலாம். ஆனால் நான்கு நாள் வாரம் எங்கே வலிக்கும் என்று கேட்டால் நான் முதலில் கை வைத்துப் பார்ப்பது இந்தக் கைமாறும் இடங்களில்தான். தனி ஊழியரின் வேலையை மட்டும் அளந்தால் இந்த வலி தெரியாது. மனு உள்ளே வந்த தேதியிலிருந்து பதில் வெளியே போன தேதிவரை எண்ணினால்தான் தெரியும்.

எதிர்ப்பும் பலமாக இருந்தது. ஐந்து நாள் சேவைக்கு வரி கட்டும் மக்களுக்கு நான்கு நாள் சேவையா என்று மத்திய அரசின் உள்ளாட்சி அமைச்சர் 2023இல் சோதனையை நிறுத்தச் சொன்னார். நவம்பரில் அரசு முறைப்படி எச்சரிக்கை அறிவிப்பும் அனுப்பியது. மன்றம் நிறுத்தவில்லை. 2025 ஜூலையில் அதை நிரந்தரமாக்கியது. அந்த முடிவுக்கு முன் குடிமக்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், குப்பை அள்ளுவது உட்படச் சில சேவைகளில் திருப்தி குறைந்திருப்பதாகத் தெரிந்தது. அளவுகோல் "மாறவில்லை" என்கிறது, மக்கள் "குறைந்துவிட்டது" என்கிறார்கள். இரண்டும் உண்மையாக இருக்க முடியும். சராசரிக் காத்திருப்பு மாறாமலே, திங்கள் காலை கூப்பிடுகிறவருக்கு மட்டும் அது இரட்டிப்பாகலாம். பத்திரிகையில் படித்த சர்ச்சையே ஒருவரின் மதிப்பெண்ணைக் குறைத்திருக்கவும் கூடும். இரண்டில் எது என்று பிரித்தறிய வேண்டுமானால் சராசரியை விட்டுவிட்டு நாள்வாரியாக, மணிவாரியாகப் பார்க்க வேண்டும்.

பிரிட்டனில் 2022இல் 61 நிறுவனங்களில், சுமார் 2,900 பேருடன் நடந்த பெரிய சோதனையிலும் எனக்கு இதே குறைதான். ஆறு மாத முடிவில் 56 நிறுவனங்கள் தொடர்ந்தன, நல்ல செய்திதான். ஆனால் அவை விரும்பித் தாமே முன்வந்த நிறுவனங்கள். பழைய முறையிலேயே இயங்கி ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை.

கேம்பிரிட்ஜ்ஷயரைப் பொறுத்தவரை என் தீர்ப்பு: ஆள் பிடிப்பதிலும் ஆளை வைத்துக்கொள்வதிலும் அது வென்றது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. கட்டட அனுமதி போல, கோப்பை எந்த நாளில் எடுப்பது என்று ஊழியரே முடிவுசெய்யும் வேலைகளிலும் வென்றது. அனுபவமுள்ள ஒருவர் நான்கு நாள் இருப்பது, மூன்று மாதத்தில் போகப்போகும் தற்காலிக ஆள் ஐந்து நாள் இருப்பதைவிட நல்லது. பல கை மாறும் வேலைகளில் வென்றதாக இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

உங்கள் அலுவலகத்தில் இதை முயலப்போகிறீர்கள் என்றால் ஒரு வேண்டுகோள். தொடங்குவதற்கு முன்பே, கடந்த ஓராண்டின் காத்திருப்பு நேரத்தை நாள்வாரியாக எடுத்து வையுங்கள். எந்த எண்ணைத் தாண்டினால் பழைய முறைக்குத் திரும்புவீர்கள் என்பதையும் அன்றே எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். ஆறு மாதம் கழித்து, மூன்று நாள் விடுமுறைக்குப் பழகிய பிறகு, அந்த எண்ணை நேர்மையாக எழுத யாராலும் முடியாது.